பல வருடமாக இருந்த 'டக்' சத்தம் ஒரே நாளில் நின்றது, அன்றிலிருந்து வாய் பாதிதான் திறக்கிறது

வெண்பனி

இடது காதுக்கு முன்னால், வாயைத் திறக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. வலி எதுவும் இல்லாததால் கண்டுகொள்ளவில்லை. இந்த வருடம் அது கொஞ்சம் மாறியது. காலையில் எழுந்ததும் தாடை பிடித்துக்கொள்ளும். இப்படியும் அப்படியும் அசைத்தால் 'டக்' என்று விட்டுவிடும், அப்புறம் நாள் முழுக்கச் சரியாக இருக்கும்.

மூன்று வாரம் முன்பு ஒரு காலையில் அது விடவே இல்லை. சத்தமும் அன்றோடு நின்றுவிட்டது. வாய்க்குள் இரண்டு விரல்தான் போகிறது. கொட்டாவி வந்தால் பயமாக இருக்கிறது, இடது காதுக்கு முன்னால் குத்துகிறது. பல் மருத்துவரிடம் போனேன். 26 மி.மீ. திறக்கிறது என்று அளந்து எழுதினார். ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு என்று சொல்லி, தசை தளர்வதற்கான மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் சாப்பிட்டேன். தூக்கம் வந்ததே தவிர வாய் ஒரு மி.மீ. கூடத் திறக்கவில்லை.

இது தசையா, மூட்டா? எப்படித் தெரிந்துகொள்வது? கையால் இழுத்துத் திறக்கலாமா, கூடாதா? இந்த இரண்டும்தான் என் கேள்வி.

கல்தூண்

எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. பெரிதாகக் கொட்டாவி விட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். அவசரப் பிரிவில் டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் கடைவாய்ப் பல்மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார், ஒரு நொடியில் சரியாகிவிட்டது. நீங்களும் யாரையாவது அப்படித் தள்ளச் சொல்லுங்கள். மூன்று வாரம் ஏன் சும்மா இருந்தீர்கள்?

ஆழிவண்ணன்

கல்தூண், உங்களுக்கு நடந்தது வேறு. உங்கள் வாய் திறந்தபடி பூட்டிக்கொண்டது, மூட முடியவில்லை, சரிதானே? கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் குமிழ் தன் குழியைத் தாண்டி, முன்னால் இருக்கும் எலும்பு மேட்டுக்கும் அந்தப்பக்கம் போய்விட்டது. அதனால்தான் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார்கள். வெண்பனிக்கு நேர்மாறு. அவருடைய குமிழ் குழியை விட்டு முன்னால் வரவே மாட்டேன் என்கிறது. அதைப் பின்னால் தள்ளினால் வலிதான் கூடும். யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

வெண்பனி, நான் தாடை மூட்டு, முகவலி நோயாளிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன வரலாறே நிறையச் சொல்கிறது. சத்தம், பிறகு காலை நேரப் பிடிப்பு, பிறகு ஒருநாள் சத்தம் நின்று வாய் திறக்காமல் போவது. இந்த வரிசை தசைப்பிடிப்பில் வழக்கமாக வராது.

கண்ணாடி முன் நின்று சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கேல் ஒன்று போதும்.

முதலில், மேல் முன்பல் கீழ் முன்பல்லை எவ்வளவு மறைத்து நிற்கிறது என்று பற்களைக் கடித்தபடி அளந்துகொள்ளுங்கள். வாயைத் திறந்து அளக்கும் எண்ணோடு அதையும் கூட்டினால்தான் தாடை உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். பிறகு மெதுவாகத் திறங்கள். கீழ்த்தாடையின் நடுக்கோடு நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் கடைசியில் நடுவுக்குத் திரும்புகிறதா, சாய்ந்தே நிற்கிறதா? அடுத்து, பற்களை லேசாகப் பிரித்து வைத்துக்கொண்டு தாடையை வலப்பக்கமும் இடப்பக்கமும் நகர்த்தி அளங்கள். கடைசியாக, முடிந்தவரை திறந்த நிலையில் கட்டைவிரலை மேல் முன்பல்லிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் முன்பல்லிலும் வைத்து மென்மையாக விரித்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறதா, அல்லது சுவரில் முட்டியதுபோல் நிற்கிறதா? அப்போது எங்கே வலிக்கிறது? கன்னத்திலா, காதுக்கு முன்னாலா?

வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேகமாக இழுக்க வேண்டாம்.

சுடர்

ஆழிவண்ணன் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன், இது டிஸ்க் நழுவல்தான். என் அக்காவுக்கு இருந்தது. மூட்டுக்குள் ஒரு வட்டு இருக்கிறது, அது முன்னால் நழுவிவிட்டது. அதை எப்படியாவது பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எலும்பும் எலும்பும் உரசித் தேய்ந்துவிடும். காரணம் பல் கடி சரியில்லாததுதான். உயரமான பற்களைத் தேய்த்துச் சமன்செய்தால் மூட்டு தானாக இடத்துக்கு வரும். சீக்கிரம் செய்யுங்கள்.

வெண்பனி

அளந்துவிட்டேன். திறப்பு 26, மேல் பல் மறைப்பு 3. ஆக மொத்தம் 29 மி.மீ. திறக்கும்போது நடுக்கோடு இடப்பக்கம் போகிறது, அங்கேயே நிற்கிறது, திரும்புவதில்லை. இடப்பக்கம் நகர்த்தினால் 9 மி.மீ. வலப்பக்கம் 4 தான், அதற்கே இடது காதுக்கு முன்னால் வலிக்கிறது. விரலால் விரித்தால் கூடுதலாக 2 மி.மீ. வருகிறது, அதோடு சரி. சுவர் என்று நீங்கள் சொன்னது பொருத்தமான வார்த்தை. வலி காதுக்கு முன்னால், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில். கன்னத்திலும் லேசான கனம் இருக்கிறது.

சுடர், பல்லைத் தேய்ப்பது பற்றி அந்த மருத்துவரும் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் எனக்குப் பயம்.

ஆழிவண்ணன்

நல்ல அளவுகள். இன்னும் ஒன்று மட்டும்: இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத்துளைக்கு முன்னால் இருபுறமும் வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். என்ன தெரிகிறது?

வெண்பனி

வலப்பக்கம் விரலுக்கடியில் ஏதோ உருண்டு முன்னால் போகிறது, அது போன இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. இடப்பக்கம் அது கொஞ்சம் சுழல்கிறது, ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பள்ளமும் இல்லை.

ஆழிவண்ணன்

இப்போது நீளமாக எழுதுகிறேன், உங்கள் எண்களை வைத்தே.

தாடை மூட்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கீழே கீழ்த்தாடையின் குமிழ், மேலே பொட்டெலும்பின் குழி, குழிக்கு முன்னால் சரிவாக இறங்கும் ஒரு மேடு. நடுவில் நார்க்குருத்தெலும்பால் ஆன வட்டு. வட்டு மூட்டை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கீழ் அறையில், வட்டுக்கும் குமிழுக்கும் நடுவே, குமிழ் சுழலும். மேல் அறையில் வட்டும் குமிழும் சேர்ந்து மேட்டின் சரிவில் முன்னோக்கி வழுக்கும். வாய் திறக்கும்போது முதல் 20, 25 மி.மீ. பெரும்பாலும் சுழற்சியில் கிடைக்கிறது. அதற்கு மேல் 40, 50 வரை போக வேண்டுமானால் குமிழ் வழுக்கியே ஆக வேண்டும்.

உங்கள் இடது குமிழ் சுழல்கிறது, வழுக்கவில்லை. 26-ல் நிற்பது ஏன் என்று இப்போது புரியும். வலது குமிழ் முன்னால் போகிறது, இடது நின்றுவிடுகிறது, அதனால் தாடை நின்ற பக்கத்துக்குச் சாய்கிறது. பக்கவாட்டு அளவு இதையே இன்னொரு விதத்தில் சொல்கிறது. தாடையை வலப்பக்கம் கொண்டுபோக இடது குமிழ்தான் முன்னால் வழுக்க வேண்டும். அது வழுக்காததால் வலப்பக்கம் 4. இடப்பக்கம் போக வலது குமிழ் வழுக்கினால் போதும், அதனால் 9. வாயை மூடும் தசைகள் மட்டும் இறுகியிருந்தால் திறப்பு குறையும், ஆனால் இரண்டு பக்க அசைவும் அநேகமாக நன்றாகவே இருக்கும். விரலால் விரிக்கும்போதும் இறுகிய தசை மெதுவாக இளகி, 5 மி.மீ.க்கு மேல்கூட விட்டுக்கொடுக்கும். வலியும் கன்னத்திலோ பொட்டிலோ பரவலாக இருக்கும்.

இனி சத்தம். வட்டு இருபுறமும் குழிந்தது. முன் விளிம்பும் பின் விளிம்பும் தடிமன், நடுப்பகுதி மெல்லியது. குமிழ் அந்த மெல்லிய இடத்தில்தான் உட்கார வேண்டும். பல வருடமாக உங்கள் வட்டு கொஞ்சம் முன்னால் நழுவி இருந்திருக்கிறது. திறக்கும்போது குமிழ் வட்டின் தடித்த பின் விளிம்பைத் தாண்டிக் குதித்து நடுவில் ஏறும், அந்தக் குதிப்புதான் 'டக்'. காலையில் பிடித்துக்கொண்டது, குமிழ் குதிக்க முடியாமல் தடுமாறிய நேரம். மூன்று வாரம் முன்பு அது குதிப்பதையே நிறுத்திவிட்டது. கதவுக்கு அடியில் மிதியடி சுருண்டு சிக்கினால் கதவு பாதியில் நிற்கும் அல்லவா, வட்டு இப்போது குமிழுக்கு முன்னால் அப்படிக் கிடக்கிறது. ஆகவே சத்தம் நின்றது குணமானதற்கு அடையாளம் இல்லை.

வலி வட்டிலிருந்து வரவில்லை. வட்டின் நடுப்பகுதியில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. வட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்மையான திசுவில் இரண்டும் நிறைய உண்டு. வட்டு முன்னால் போனதால் குமிழ் இப்போது அந்தத் திசுமேல் உட்கார்ந்து அழுத்துகிறது. கடித்தால், கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் குத்துவது அதனால்தான்.

உங்கள் மருத்துவர் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். மூட்டு வலித்தால் அதைக் காக்க மெசெட்டர் என்ற கன்னத் தசை இறுகும், கன்னத்தில் கனம் அதுதான். ஆனால் அது பின்னால் வந்தது. மாத்திரை அதைத் தளர்த்தியிருக்கலாம், முன்னால் கிடக்கும் வட்டை நகர்த்தாது. ஓபிஜியில் வட்டு தெரியாது, எலும்புதான் தெரியும். அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதை மூட்டில் ஒன்றுமில்லை என்று படிக்கக்கூடாது.

2014-ல் வெளியான சர்வதேசக் கண்டறிதல் அளவுகோலில், விரலால் விரித்தும், பல் மறைப்பைக் கூட்டியும் 40 மி.மீ.க்குக் குறைவாகத் திறந்து, சாப்பிட இடைஞ்சலாக இருக்கும் பூட்டும் இருந்தால் வட்டு நழுவிப் பூட்டிக்கொண்ட இந்த வகையில் சேர்ப்பார்கள். உங்களுக்கு 31. பொருந்துகிறது.

சுடர், வட்டு நழுவல் என்று நீங்கள் சொன்னது சரி. மற்ற இரண்டையும் ஏற்க மாட்டேன். பல் கடியால்தான் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது. பல்லைத் தேய்த்து மூட்டைச் சரிசெய்யும் முறை பலன் தருவதாகவும் நிரூபணமாகவில்லை, தேய்த்த பல் திரும்பவும் வராது. வட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவியிருப்பது தெரியும். பின்னாலிருக்கும் திசு அழுத்தத்துக்குப் பழகி, நார்த்தன்மை கூடி, வட்டு செய்த வேலையில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது.

சுடர்

அப்படியானால் என் அக்காவுக்குப் பிறகு 'கரகர' என்று மணல் அரைக்கும் சத்தம் வந்ததே? எலும்பு தேய்ந்ததால்தானே அது?

ஆழிவண்ணன்

ஆம், அது எலும்புப் பரப்பு மாறியதற்கான சத்தமாக இருக்கலாம். சிலருக்கு அப்படிப் போகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பலருக்கு அந்தக் கட்டத்தில் வலி குறைந்து வாயும் திறந்துவிடுகிறது. அக்காவுக்கு இப்போது எப்படி?

சுடர்

வலி இல்லை. கரகரப்பு மட்டும் இருக்கிறது. எல்லாம் சாப்பிடுகிறார். பல்லைத் தேய்த்த பிறகு குணமானார் என்றுதான் நினைத்தோம். ஆனால் தேய்த்ததற்கும் குணமானதற்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் போனது, அது உண்மை.

நெல்மணி

நடுவில் ஒரு கேள்வி. எனக்கும் 'டக்' சத்தம் உண்டு, வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது. இந்த இழையைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. நானும் பூட்டிக்கொள்வேனா? இப்போதே எதாவது செய்ய வேண்டுமா?

பிசியோ மலர்

நெல்மணி, வலியில்லாத சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டாம். அதில் பெரும்பாலானோர் ஒருபோதும் பூட்டுவதில்லை. கீழ்த்தாடையை முன்னால் நீட்டி, முன்பற்கள் நுனிக்கு நுனி தொட வைத்து, அங்கிருந்து திறந்து அதே இடத்துக்கு மூடிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் அது குமிழ் வட்டின்மேல் ஏறுகிற சத்தம்தான். காலையில் பிடித்துக்கொண்டு, அசைத்தால் விடுகிற நிலை அடிக்கடி வந்தால் மட்டும் காட்டுங்கள். வெண்பனிக்கு வந்த முன்னறிவிப்பு அதுதான்.

வெண்பனி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். கையால் இழுக்கலாமா? இழுக்கலாம், ஆனால் எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் ஒரு வாரம், பத்து நாள் மூட்டு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வன்மையாக விரித்தால் பின்திசு இன்னும் வீங்கும். மென்மையான உணவு, சிறு கவளம், இரண்டு பக்கமும் மெல்வது. சூயிங்கம் வேண்டாம், நகம் கடிக்க வேண்டாம், முகவாயைக் கையில் தாங்கி உட்கார வேண்டாம். பகலில் உதடு சேர்ந்து, பல் பிரிந்து, நாக்கு மேலண்ணத்தில் லேசாகத் தொட்டிருக்க வேண்டும். மேல் கீழ்ப் பற்கள் உண்ணும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் தொட வேண்டியவை. கணினித் திரை முன்னால் உட்கார்ந்தவர்கள் கடித்துக்கொண்டே இருப்பதை அவர்களே உணர்வதில்லை. என் நோயாளிகளைத் திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளி ஒட்டச் சொல்வேன், கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரிக்க. நிறையப் பேருக்கு மாத்திரையைவிட இது உதவுகிறது.

குத்தல் குறைந்த பிறகு நீட்டல். 15 நிமிடம் ஈரத்துணியால் வெந்நீர் ஒத்தடம், பிறகு வலி தொடங்கும் இடம் வரை திறந்து, விரலால் இன்னும் ஒரு துளி விரித்து, 10 முதல் 20 வினாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளைக்கு நான்கைந்து தடவை. அதோடு தாடையை வலப்பக்கம் நகர்த்தும் பயிற்சியும் அவசியம், இடது குமிழை வழுக்க வைப்பது அதுதான். பலர் திறப்பதை மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் திறப்பு கூடினாலும் கோணல் அப்படியே நிற்கிறது.

அளவு எப்படித் தெரியும்? செய்யும்போது இழுவை தெரியலாம். முடித்து அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் குறைவாகத் திறந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள்.

கல்தூண்

எனக்குத் தவறாகப் புரிந்துவிட்டது, மன்னிக்கவும். அப்படியானால் எனக்கு நீட்டல் பயிற்சி வேண்டாமா?

பிசியோ மலர்

உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் கொட்டாவி வரும்போது முகவாய்க்குக் கீழே முஷ்டியை வைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, வாய் அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி நடந்தால் காட்டுங்கள். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

ஆழிவண்ணன்

மலர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. மூன்று வாரம்தான் ஆகிறது. இந்தக் கட்டத்தில் பழகிய கை ஒன்று வட்டை மீட்க ஒருமுறை முயலலாம் என்பது என் கருத்து. பாதித்த பக்கக் கடைவாய்ப் பல்மேல் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்தி, மூட்டில் இடைவெளி உண்டாக்கி, பிறகு தாடையை முன்னாலும் எதிர்ப்பக்கமும் கொண்டுபோவது. வெற்றி என்றால் அந்த நிமிடமே தெரியும்: திறப்பு 40-ஐத் தாண்டும், பழைய சத்தம் திரும்பும். நாள் ஆக ஆக வட்டு உருமாறி, இறுகிப்போகிறது, வாய்ப்பும் குறைகிறது.

கவனியுங்கள், இது கல்தூணுக்குச் செய்ததன் மறுதிசை. வீட்டில் செய்யக்கூடியதல்ல.

பிசியோ மலர்

மீட்ட வட்டு எத்தனை பேருக்கு நிலைக்கிறது? நான் பார்த்தவர்களில் சாப்பிட உட்கார்ந்ததும் மறுபடி நழுவியவர்கள் அதிகம். அதை நிறுத்த, பல்மேல் மாட்டித் தாடையை முன்னால் நிறுத்தும் ஸ்பிளின்ட் என்ற உறையைப் போட்டுவிட்டு, நாள் முழுக்க மாதக்கணக்கில் அணிந்தவர்களுக்குப் பின்பற்கள் சேராமல் போனதையும் பார்த்திருக்கிறேன். வட்டைத் துரத்துவதைவிட அசைவை மீட்பது மேல்.

ஆழிவண்ணன்

நிலைப்பது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலைக்காவிட்டாலும் அந்த ஒரு முயற்சியில் ஒட்டிக்கொண்டிருந்த மூட்டு இளகி, பிறகு பயிற்சி எளிதாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னால் நிறுத்தும் ஸ்பிளின்ட் பற்றி உங்கள் கவலை நியாயம். நான் போட்டால் இரவில் மட்டும், குறுகிய காலம். பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் எல்லாப் பற்களையும் மூடும் கடினமான தட்டையான ஸ்பிளின்ட்டைத் தேர்ந்தெடுப்பேன். சில பற்களை மட்டும் மூடுவதைப் போடவே மாட்டேன், மூடாத பற்கள் நகர்ந்துவிடும்.

வெண்பனி

இருவருக்கும் நன்றி. நான் அருகில் இருக்கும் ஒரு முகவலி மருத்துவரிடம் காட்டினேன். உங்கள் வரிசையிலேயே அளந்தார், அதே முடிவைச் சொன்னார். மீட்க ஒருமுறை முயன்றார், சத்தம் திரும்பவில்லை. ஆனால் அவர் கையை எடுத்ததும் திறப்பு 26-லிருந்து 29 ஆனது. உணவுக்குப் பின் இபுப்ரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை, ஒரு வாரம் மட்டும் கொடுத்திருக்கிறார். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா எதுவும் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். எம்ஆர்ஐ இப்போது வேண்டாம் என்றார். அது சரியா?

ஆழிவண்ணன்

சரி என்றே நினைக்கிறேன். வட்டைப் பார்க்க எம்ஆர்ஐதான் சிறந்தது, ஆனால் முடிவு சிகிச்சையை மாற்றாத இடத்தில் அதை எடுத்து என்ன ஆகும்? பயிற்சியில் அசைவு முன்னேறாவிட்டால், அல்லது ஊசி, அறுவை என்று யோசித்தால் அப்போது எடுக்கலாம். இந்த நிலையில் மருந்தும் ஆலோசனையும், பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு சிகிச்சை, மூட்டுக்குள் மெல்லிய குழாய் விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி, திறந்த அறுவை என்று நான்கையும் ஒப்பிட்டு 2007-ல் வந்த ஆய்வில் ஐந்து வருட முடிவில் வலியிலோ செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனால்தான் எளியதிலிருந்து தொடங்குகிறோம்.

மரகதப்புறா

பொது மருத்துவராக ஒரு வார்த்தை. இந்த இழையைப் படித்துவிட்டு வாய் திறக்காத எல்லோரும் ஸ்கேலோடு நீட்டல் பயிற்சியில் இறங்கிவிடக் கூடாது. முன்பு சத்தமே இல்லாமல், வாரத்துக்கு வாரம் திறப்பு குறைந்துகொண்டே வந்தால், கன்னமோ உதடோ மரத்துப்போனால், காய்ச்சல் அல்லது வீக்கம் இருந்தால், எடை குறைந்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். ஞானப்பல் எடுத்த பிறகோ, கீழ்த்தாடையில் மரப்பு ஊசி போட்ட பிறகோ வருவது வேறு, கன்னத்தின் உட்சவ்வே இறுகும் நோய் வேறு. 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலியும், மெல்ல மெல்லத் தாடை களைத்து வலிப்பதும் சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள். அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம், கண்பார்வையே போகக்கூடும்.

ஆழிவண்ணன்

மிகவும் அவசியமான பதிவு. வெண்பனியின் கதையில் நீண்ட கால சத்தமும் பிடிப்பும் முன்னால் இருந்தன, அதுதான் என்னைத் துணிந்து பேச வைத்தது. அந்த வரலாறு இல்லாத ஒருவர் 29 என்று எழுதியிருந்தால் நான் வேறு கேள்விகள்தான் கேட்டிருப்பேன்.

வெண்பனி (ஆறு வாரம் கழித்து)

இப்போதைய நிலை: திறப்பு 35, மறைப்பைக் கூட்டினால் 38. வலப்பக்க அசைவு 4-லிருந்து 7. நடுக்கோடு இன்னும் லேசாக இடப்பக்கம் போகிறது. காதுக்கு முன்னால் குத்துவது அகலக் கொட்டாவி விட்டால் மட்டும். சத்தம் திரும்பவில்லை, அது திரும்ப வேண்டிய அவசியமில்லை என்று இப்போது புரிகிறது. வேலை நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் புள்ளி ஒட்டியபிறகுதான் கண்டுபிடித்தேன், நம்பவே முடியவில்லை. இரவில் தட்டையான ஸ்பிளின்ட் அணிகிறேன்.

ஆனால் கடந்த இரண்டு வாரமாக 35-லேயே நிற்கிறது. என் மருத்துவர் மேல் அறையில் ஊசி போட்டுக் கழுவுவதைப் பற்றிச் சொன்னார். காத்திருக்கவா, செய்துகொள்ளவா?

பிசியோ மலர்

வலி குறைந்து, சாப்பிட முடிந்து, அசைவும் மெதுவாகக் கூடுகிறவருக்கு நான் இன்னும் இரண்டு மாதம் கொடுப்பேன். முன்னேற்றம் படிப்படியாக வரும், ஒரே கோட்டில் ஏறாது. வலப்பக்கப் பயிற்சியை இரட்டிப்பாக்குங்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியபடி திறப்பதை முதலில் செய்து, பிறகு நாக்கை விட்டு முழுமையாகத் திறங்கள்.

ஆழிவண்ணன்

நான் கொஞ்சம் வேறுவிதமாகச் சொல்வேன். ஆர்த்ரோசென்டெசிஸ் என்ற அந்தக் கழுவல் பெரிய அறுவை அல்ல. மரப்பு ஊசியோடு மேல் அறையில் இரண்டு ஊசி, ஒன்றின் வழியாக ரிங்கர் கரைசல் போகும், மற்றொன்றில் வெளியே வரும். அழற்சிப் பொருட்கள் கழுவப்படும், ஒட்டியிருக்கும் இடம் விடுபடும். 1991-ல் இதை இந்தப் பூட்டுக்காகவே விவரித்தார்கள். வட்டை அது இடத்துக்குக் கொண்டுவராது, மூட்டை மறுபடி வழுக்க வைக்கும். வலியோடு 30-ல் நின்றிருந்தால் உடனே போகச் சொல்லியிருப்பேன். வலியில்லாமல் 38-ல் நிற்பவருக்கு இரண்டும் நியாயமான வழிதான். முடிவு உங்களுக்கு 38 அன்றாடம் எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வெண்பனி

சாப்பாட்டுக்குத் தடையில்லை. பல் மருத்துவ நாற்காலியில் கடைவாய்ப் பல்லுக்கு நீண்ட நேரம் திறந்து வைக்கத்தான் முடியாது. ஒரு பழைய அடைப்பு மாற்ற வேண்டியிருக்கிறது, அது அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதை இரண்டு மாதம் தள்ளிவைத்து, மலர் சொன்ன பயிற்சியைத் தொடர்கிறேன். அதற்குள் திறப்பு குறைந்தாலோ வலி திரும்பினாலோ ஊசிக்குப் போகிறேன். அந்த அடைப்பு வேலைக்கு உட்காரும்போது வாயில் தாங்குகட்டை வைக்கச் சொல்லலாமா?

பிசியோ மலர்

வைக்கலாம், ஆனால் சின்னது. உங்களால் தானாகத் திறக்க முடிகிற அளவுக்குள்தான் அது நிற்க வேண்டும், தாங்குகட்டையால் கூடுதலாகத் திறக்கவிடாதீர்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடி ஓய்வு கேளுங்கள். வேலைக்கு முன்னால் ஒத்தடம், முடிந்ததும் அன்று முழுக்க மென்மையான உணவு.

ஆழிவண்ணன்

வேலையைக் காலை நேரத்தில் வைக்காதீர்கள். உங்களுக்குக் காலையில்தான் மூட்டு இறுக்கம் அதிகம்.

நெல்மணி

நான் சோதித்துப் பார்த்தேன். முன்பற்களை நுனிக்கு நுனி வைத்துத் திறந்தால் என் சத்தம் மறைகிறது. ஆனால் திறக்கும்போது மட்டுமல்ல, மூடும் கடைசியிலும் லேசாக ஒன்று கேட்கிறது. அதுவும் இதேதானா?

பிசியோ மலர்

இதேதான். மூடும்போது குமிழ் வட்டிலிருந்து மறுபடி பின்னால் இறங்குகிற சத்தம், அது வழக்கமாகப் பல் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வரும். வலி இல்லாதவரை விட்டுவிடுங்கள்.